‘டவுட்’ என்ற ஒரு சொல்

சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் டெஸ்டிங் பார்க்கும் என் தோழி, அமெரிக்காவில் இருக்கும் மேனேஜருக்கு ஒரு மாலை சாட்டில் எழுதினாள்: “ஐ ஹேவ் எ டவுட் ஆன் யுவர் டேட்.” ரிலீஸ் தேதி பற்றி ஒரு கேள்வி கேட்க நினைத்தாள், அவ்வளவுதான். “நோட்டட்” என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. பிறகு பேச்சே இல்லை.

தமிழில் சந்தேகம் கேட்பது மாணவன்கூடச் செய்வது. அந்தப் பழக்கத்தில்தான் நாம் ‘டவுட்’ என்கிறோம். அமெரிக்கக் காதில் அது ‘உங்கள் தேதியை நம்பவில்லை’ என்று விழும். நேரில் கேட்டிருந்தால் குரலே காப்பாற்றியிருக்கும். 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கேலியா நிஜமா என்பதைக் குரலில் கேட்டவர்கள் கண்டுபிடித்த அளவுக்கு மின்னஞ்சலில் படித்தவர்களால் முடியவில்லை. ஆனால் அனுப்பியவர்களுக்கோ இரண்டிலும் ஒரே நம்பிக்கை.

செய்தியை அழித்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அழித்த தடம் திரையில் நிற்கும், படித்தவருக்கு உறுத்தல் கூடும். அவள் முதலில் எழுதிய விளக்கம் எட்டு வரி; நடுவில் “நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்” என்றிருந்தது. அந்த வரி தவறைப் படித்தவர் தலையில் கட்டுகிறது. அதை எடுத்துவிட்டு, மறுநாள் அவர் வேலையைத் தொடங்கும் நேரத்தில் தனிச் செய்தியாக அனுப்பியது, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

“வணக்கம். நேற்று நான் எழுதியது உங்கள் தேதியை நம்பாதது போல இருக்கிறது. என் சொல் தவறு. கேள்வி என்ற பொருளில்தான் ‘டவுட்’ என்று எழுதினேன். கேள்வி இது: 18ஆம் தேதி டெஸ்டிங் முடியும் நாளா, வாடிக்கையாளருக்குப் போகும் நாளா? பேசுவது எளிது என்றால் இன்று ஐந்து நிமிடம் கூப்பிடுகிறேன்.”

எந்தச் செய்தி, எந்தச் சொல் என்று பெயர் சொல்லியிருப்பதால் அவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. மன்னிப்போடு நிற்காமல் பழைய கேள்வியைச் சரியாகக் கேட்டதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். பதில் சொல்ல அவருக்கு வேலை சார்ந்த ஒன்று கிடைக்கிறது. மனவருத்தம் பற்றிப் பேசும் சங்கடம் இல்லை. ‘உங்கள்மீது எவ்வளவு மரியாதை தெரியுமா’ என்று நீட்டியிருந்தால் அந்தச் சங்கடம்தான் வந்திருக்கும்.

முதல் செய்தி குழுவில் போயிருந்தால், கேள்வியைத் திருத்தி அங்கேயும் ஒரு வரி போட வேண்டும். மற்றவர்களும் அதைப் படித்திருக்கிறார்கள். உண்மையிலேயே கோபத்தில் எழுதியிருந்தால் இந்தக் குறிப்பு உதவாது. அப்போது பொருளை விளக்கக் கூடாது, பேசிய விதத்துக்கு வருத்தம் சொல்ல வேண்டும்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது: “டெஸ்டிங் முடியும் நாள். வாடிக்கையாளருக்கு 22. நான் முதலிலேயே பிரித்து எழுதியிருக்க வேண்டும்.”