நள்ளிரவில் எதற்காக எழுப்ப வேண்டும்?

இணையச் சேவை நடத்தும் நிறுவனங்களில் பொறியாளர்கள் முறைவைத்து இரவுக் காவல் இருக்கிறார்கள். ‘ஆன்-கால்’ என்பது இதற்குத் தொழிலில் வழங்கும் பெயர். முறை வரும் வாரத்தில் போனும் லேப்டாப்பும் தலைமாட்டிலேயே இருக்கும். சர்வரில் ஏதோ சரியில்லை என்று கண்காணிப்பு மென்பொருள் கருதினால், எந்த நேரமானாலும் போன் அலறும். இதுதான் அலர்ட். ஒரே இரவில் பத்து முறை அலறி, ஒன்பது முறை எழுந்து பார்த்தும் செய்வதற்கு எதுவும் இல்லை என்றானால், பதினோராவது முறை கை தானாகவே ஒலியை நிறுத்திவிடும். உண்மையான கோளாறு அந்தப் பதினோராவதாக இருக்கக்கூடும். மருத்துவமனைகளில் இந்தச் சலிப்பு நீண்ட காலமாக அறியப்பட்டது. நோயாளிக் கருவிகளின் ஒலிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சை நடவடிக்கையும் தேவைப்படாதவை என்ற மதிப்பீட்டை அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் தன் எச்சரிக்கையில் எடுத்துக்காட்டியது.

கணினித் துறையில் இந்தச் சலிப்புக்குப் பெரும்பாலும் காரணம், அலர்ட்டைத் தவறான எண்ணின்மேல் கட்டுவதே. ‘சிபியு 80 விழுக்காட்டைத் தாண்டினால் எழுப்பு’ என்பது பலரும் முதலில் எழுதும் விதி. எழுதுவதும் எளிது, எந்தக் கருவியிலும் அந்த எண் தயாராகக் கிடைக்கிறது. ஒரு பேருந்து முன்பதிவுத் தளத்தை வைத்து இதைப் பார்க்கலாம். இரவு 2 மணிக்கு அன்றைய கணக்கறிக்கையைத் தயாரிக்கும் வேலை ஓடுகிறது. இருபது நிமிடம் சிபியு 95-இல் நிற்கிறது, போன் அலறுகிறது. அந்த நேரத்தில் டிக்கெட் எடுத்தவருக்கு எந்தத் தாமதமும் இல்லை. வாங்கிவைத்த சர்வர் முழுமூச்சாக வேலை செய்ததைத் தவிர அங்கே வேறெதுவும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நடப்பது இதற்கு நேர்மாறு. பணம் செலுத்தும் வெளிச்சேவை மந்தமாகிவிட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் பதிலுக்காகக் காத்து நிற்பதால், ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. புதிதாக வருபவர்களுக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காத்திருப்பதற்குச் சிபியு செலவாகாது. ஆகவே அது 15 விழுக்காட்டுக்கு இறங்கி, டேஷ்போர்டு முழுதும் பச்சையாகத் தெரிகிறது. ஊருக்குப் போக முடியாமல் ஆயிரம் பேர் தவிக்கும்போது போன் மௌனமாக இருக்கிறது. பொய்யாக எழுப்புவதைவிட இந்த மௌனமே பெரிய குற்றம்.

கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட தள நம்பகப் பொறியியல் நூல் இதற்கு ஒரு தெளிவான பிரிவினையைச் சொன்னது. பயனர் உணர்வது அறிகுறி, உள்ளே நடப்பது காரணம். தூக்கத்தைக் கலைக்கும் உரிமை முதன்மையாக அறிகுறிக்கே உண்டு. சிபியு, மெமரி போன்ற எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எழுந்து உட்கார்ந்த பிறகு கோளாறு எங்கே என்று தேட அவையே வழிகாட்டும். எழுப்பும் வேலையை மட்டும் அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு தோல்விக்கு எழுப்புவது? முன்பதிவுத் தளத்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் கோரிக்கைகள் சீராக வருவதாகவும், 99.9 விழுக்காடு வெற்றி பெற வேண்டும் என்பது இலக்கு என்றும் வைத்துக்கொண்டால், 30 நாளில் வரும் 3 கோடியில் 30,000 தோல்விகளுக்கு இடம் இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டுக்கு ‘எரர் பட்ஜெட்’ என்று பெயர். மாதச் சம்பளத்தைப் போல, அது எந்த வேகத்தில் கரைகிறது என்பதுதான் கேள்வி. சரியாக மாதக் கடைசியில் தீரும் வேகம் 1. ஒரு மணி நேரத்தில் 2 விழுக்காடு, அதாவது 600 தோல்விகள் கரைந்தால் வேகம் 14.4. அதே நிலை நீடித்தால் 50 மணி நேரத்தில் மாத ஒதுக்கீடே காலி. இந்த 14.4 கூகுள் 2018-இல் வெளியிட்ட அடுத்த நூலில் தொடக்க அளவாகப் பரிந்துரைக்கப்பட்டது. புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் விதி இப்படி அமையும்:

```yaml
- alert: BookingBudgetBurn
  expr: |
    booking:error_ratio:1h > 14.4 * 0.001
    and
    booking:error_ratio:5m > 14.4 * 0.001
  labels:
    severity: page
```

இதன் அழகு, பாதிப்பு எவ்வளவு கடுமையோ அவ்வளவு விரைவாக ஒலிப்பதில் இருக்கிறது. தளம் முழுதும் விழுந்தால் கணக்குப்படி 52 விநாடியில் எல்லை தாண்டும். பத்தில் ஒரு கோரிக்கை தோற்றால் ஒன்பது நிமிடத்துக்குள் தாண்டும். 1.5 விழுக்காடு மட்டும் தோற்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். முப்பது விநாடி தடுமாறித் தானே சரியானால் ஒலிக்கவே ஒலிக்காது. இரண்டாவது வரியில் உள்ள 5 நிமிடச் சாளரம் எதற்கு என்றால், கோளாறு தீர்ந்த பிறகும் பழைய தோல்விகள் ஒரு மணி நேரக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அண்மை நிமிடங்களும் மோசமாக இருந்தால்தான் அலர்ட் தொடரும், இல்லையென்றால் சீக்கிரமே அடங்கிவிடும். மூன்று நாளாக வேகம் 1-ஐத் தாண்டி மெதுவாகக் கரையும் கோளாறுக்கு யாரையும் எழுப்ப வேண்டாம். காலையில் பார்க்கும்படி ஒரு டிக்கெட் பதிவானால் போதும்.

தோல்வியை எங்கே எண்ணுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். செத்துப்போன சர்வர் தன் தோல்வியைத் தானே எண்ணாது. அதனால் பயனருக்கு நெருக்கமான இடத்தில், குறைந்தது லோடு பேலன்சரில் எண்ண வேண்டும். பத்து விநாடி கழித்து வரும் வெற்றியையும் தோல்வியாகவே எண்ணுவது நேர்மை. கோரிக்கையே வந்து சேராவிட்டால் தோல்வி விகிதம் என்று ஒன்றே இருக்காது, விதி ஊமையாகிவிடும். வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிக்கெட் தேடிப் பார்க்கும் சோதனைக் கோரிக்கை அந்த ஓட்டையை அடைக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மணிக்குப் பத்துக் கோரிக்கை வரும் சிறு சேவையில் ஒரே தோல்வி 10 விழுக்காடாகிவிடும், அலர்ட் தேவையில்லாமல் கூவும். அங்கே சோதனைக் கோரிக்கைகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது நீண்ட சாளரத்தில் கணக்கிடலாம். வட்டு நிரம்புவது வேறு வகை. நிரம்பும் வரை பயனருக்கு எதுவும் தெரியாது, நிரம்பிய நொடியில் எல்லாம் நின்றுவிடும். இதற்கு மட்டும் வள எண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் ‘90 விழுக்காடு’ என்று கேட்காமல், எப்போது நிரம்பும் என்று கேட்க வேண்டும்:

```
predict_linear(node_filesystem_avail_bytes[6h], 4*3600) < 0
```

கடந்த ஆறு மணி நேரப் போக்கின்படி நான்கு மணி நேரத்துக்குள் இடம் தீரும் என்றால் எழுப்பலாம். நான்கு நாள் இருந்தால் காலை வரை பொறுக்கலாம்.

பழைய விதிகளை ஒரே நாளில் அழிப்பது ஆபத்து. புதிய விதியைச் சில வாரம் பழையவற்றோடு ஓடவிட்டு, ஒவ்வோர் ஒலிக்கும் எதிரே ‘எழுந்தவர் என்ன செய்தார்’ என்று ஒரு வரி எழுதிவர வேண்டும். ‘பார்த்தேன், தானே சரியானது’ என்றே திரும்பத் திரும்ப வரும் விதிகளைப் போனிலிருந்து நீக்கலாம். பயனர் புகார் வந்தும் ஒலி வராத நாள் இருந்தால், அங்கே ஒரு விதி குறைகிறது என்று பொருள். பன்னிரண்டு மணி நேர முறைக்கு இரண்டு சம்பவம்தான் உச்சம் என்று கூகுள் நூல் வரையறுக்கிறது. ஒரு சம்பவத்தைச் சரிசெய்து, காரணம் கண்டு, எழுதி முடிக்கவே சராசரியாக ஆறு மணி நேரம் ஆகும் என்பது அது சொல்லும் கணக்கு.