அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவா?

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அனல்மின் நிலையங்களுக்கு எண்ணெய் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. அன்று மாத்தளையிலிருந்து ஒருவர் 1987க்கு அழைத்து, மின்சார சபையில் பேசும் பெண்ணிடம் இப்படிக் கேட்டதாக வைத்துக்கொள்வோம்: "உக்குவளையிலேயே மின்நிலையத்த வச்சிக்கிட்டு எங்களுக்குக் கரண்ட் இல்லையா, மிஸ்?" நியாயமான கேள்விதான். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் நேரே ஊருக்குள் வராமல் நாட்டின் பொது மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. இதை அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி வசவாக மாறிவிடுகிறது. அவர் கையில் இருப்பது மின்வெட்டு நேர அட்டவணை மட்டுமே.

உள்ளே கொதிக்க, குரலை மட்டும் குளிர்ச்சியாக வைத்திருப்பதும் ஓர் உழைப்பு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். தோட்டத்து ஏற்றத்தில் நிறைகுடம் சுமந்து போகிறவரை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சிந்தாதது நமக்குத் தெரியும். கழுத்து வலி அவருக்குத்தான் தெரியும்.

இங்கேதான் நாம் எல்லோரும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறோம். பணிவு என்றால் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். பல நிறுவனங்களின் மதிப்பெண் தாளும் அப்படித்தான் இருக்கிறது. வணக்கம் சொன்னாரா, மன்னிப்புக் கேட்டாரா, வேறு உதவி வேண்டுமா என்று விசாரித்தாரா என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. எதிர்முனையில் இருந்தவர் என்ன பேசினார் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. அதனால் வசவு வாங்கியவரே புள்ளியையும் இழக்கிறார்.

பணிவோடும் அழைப்பை முடிக்கலாம். முதலில் கோபத்தையும் வசவையும் பிரித்துக்கொள்வோம். "எத்தன மணிக்குத்தான் கரண்ட் வரும்?" என்று கத்துவது கோபம், அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். பேசுகிறவரின் தாயையோ உடலையோ சாதியையோ இழுத்தால் அது வசவு. அப்போது, "ஐயா, உங்கள் முறைப்பாட்டைப் பதிய நான் தயார். இப்படியே பேசினால் அழைப்பை முடிக்க வேண்டியிருக்கும்" என்று ஒருமுறை சொல்லலாம். அதன் பிறகும் தொடர்ந்தால், முடிப்பதாக அறிவித்துவிட்டு முடிக்கலாம். ஆனால் இந்த அதிகாரத்தை நிர்வாகம் முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் வாய்வார்த்தை, புள்ளி குறையும் நாளில் கைகொடுக்காது.

முடித்த கையோடு அடுத்த அழைப்பு காதில் விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். முந்தியவர் மூட்டிய சூடு, ஒரு பாவமும் செய்யாத அடுத்தவர் மேல் பாயும். சில நிமிடமாவது இருக்கையை விட்டு எழ வேண்டும். தென்கொரியா 2018இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. வாடிக்கையாளரின் வசவால் பாதிக்கப்பட்ட ஊழியரின் வேலையை நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டும். அதைக் கேட்டதற்காக அவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது.

நம் நாட்டிலும் ஒரு பிடி உண்டு. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி சொற்களால் பாலியல் தொந்தரவு செய்வதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். வசவு அந்த வகையானால், அழைத்த இலக்கம், நேரம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். ஒலிப்பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேட்பதும் அவசியம். பழைய பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்தின் பின் அழித்துவிடுவது பல இடங்களில் வழக்கம்.