பயிற்சிக் கட்டணத்திற்கு அறவாரிய உதவி: விண்ணப்பக் கடிதம் எழுதும் முறை

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் நம் தோட்டத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்தும், கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த இடம் கைநழுவிப் போவதுண்டு. இத்தகையோருக்கு அறவாரியங்கள் உதவக்கூடும். ஆயினும், அவற்றுக்கு எழுதப்படும் கடிதங்களில் பல குடும்பத்தின் துயரத்தை விரித்துரைக்கின்றனவேயன்றி, எவ்வளவு பணம், யாருக்கு, எந்த நாளுக்குள் தேவை என்பதைக் கூறுவதில்லை. அறங்காவலர்கள் பிறர் பணத்தைக் காப்பவர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் கணக்கில் எழுதக்கூடிய செய்தியைக் கடிதம் தருதல் வேண்டும்.

அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, வேறு வழி இல்லையா என்பதே. ஆட்குறைப்பினால் வேலை இழந்தவர், 2018 முதல் நடைபெறும் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் பயிற்சிக் கட்டணமும் பெறலாம். வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் பயில்வோருக்குப் பி.டி.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் கடன் வழங்குகிறது. இவற்றுக்கு மனுச் செய்தோமா, என்ன பதில் வந்தது என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி, சான்றிதழை அளிப்பவர் யார் என்பது. வகுப்புக்கு வந்ததற்காகப் பயிற்சி நிலையமே தரும் தாளும், ஜே.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறை அளிக்கும் சான்றிதழும் ஒன்றல்ல. ஒரு நிலையம் ஒரு தொழிலுக்கு அங்கீகாரம் பெற்றிருக்கலாம், மற்றொன்றுக்குப் பெறாதிருக்கலாம். ஆகவே பணம் கட்டுமுன் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, தொழிலின் பெயர், நிலை, காலாவதித் தேதி ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கிள்ளான், காப்பார் சாலைத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் தாயின் மகன், பற்றவைப்புத் தொழிலில் முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவன் எனக் கொள்வோம். இரண்டாம் நிலைக்குக் கட்டணம் 2,700 வெள்ளி. காலணி, முகக்கவசம் முதலியவற்றுக்கு 300 வெள்ளி. ஆக மொத்தம் 3,000. குடும்பச் சேமிப்பு 900 வெள்ளி. அதில் 300 கருவிகளுக்கும் 600 கட்டணத்திற்கும் போக, குறைவது 2,100 வெள்ளி. அவன் கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, பற்றவைப்புத் தொழிலில் இரண்டாம் நிலைப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்துள்ளது. வகுப்பு செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15ஆம் நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணமாகிய 2,700 வெள்ளியில் 600 வெள்ளியை எங்கள் குடும்பம் செலுத்தும். எஞ்சிய 2,100 வெள்ளியை, பயிற்சி நிலையத்தின் பெயருக்கே காசோலையாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பி.டி.பி.கே. கடனுக்கு மனுச் செய்துள்ளேன். இன்னும் பதில் வரவில்லை. அக்கடன் கிடைத்தால் உடனே தங்களுக்குத் தெரிவிப்பேன்.”

பணத்தைத் தன் கையில் கேளாமல் நிலையத்தின் பெயருக்குக் கேட்பது இக்கடிதத்தின் வலிமை. பணம் வேறு செலவுக்குப் போகாது என்ற உறுதியும், கணக்குக்கு உரிய ரசீதும் அறவாரியத்திற்குக் கிடைக்கின்றன. 600 வெள்ளியைக் குடும்பம் ஏற்பதும், முதல் நிலையை முடித்திருப்பதும் பாதியில் நிறுத்தமாட்டான் என்பதற்குச் சான்றாகும்.

கடிதத்துடன் அடையாளக் கார்டு, இடம் கிடைத்த கடிதம், கட்டண விவரம், அங்கீகாரக் கடிதம், முதல் நிலைச் சான்றிதழ், பெற்றோரின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். மூலப் பத்திரங்களை அனுப்புதல் கூடாது. இரண்டு அறவாரியங்களுக்கு எழுதினால் அதனை இரண்டிலும் குறிப்பிட வேண்டும். மறைத்தது பின்னர் தெரியவந்தால் இரண்டும் கைவிடக்கூடும்.

காலமும் முக்கியம். அறங்காவலர்கள் நாள்தோறும் கூடுவதில்லை. சில அறவாரியங்களில் கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையே மாதங்கள் கழியும். அடுத்த கூட்டம் எப்போது என்று முன்னதாகவே கேட்டறிந்து அனுப்புதல் நலம். தாமதமாகிறதே என்று வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு எழுதுவோரும் உண்டு. அப்போது அவர்கள் கேட்பது பயிற்சிக் கட்டணமன்று, கடனை அடைக்கும் பணம். கல்விக்கென ஒதுக்கிய நிதியை அதற்குத் தர அறங்காவலர்கள் தயங்குவர். வட்டியோ வளர்ந்துகொண்டே போகும். அதைவிட, அடுத்த வகுப்புக்கு இடத்தை மாற்றித் தருமாறு பயிற்சி நிலையத்தை எழுத்து மூலம் கேட்பது மேல்.

உதவி கிடைத்தபின் ரசீதின் நகலையும், தேர்வு முடிந்ததும் சான்றிதழின் நகலையும் அறவாரியத்திற்கு அனுப்பிவைத்தல் வேண்டும். அடுத்து அதே தோட்டத்திலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கும்போது அறங்காவலர்கள் அந்த நகல்களை நினைவுகூர்வார்கள்.