அட்டவணைக்குள் ஆறு ஆட்டங்கள்

கால்பந்துத் தொடர் ஒன்று முடிந்ததும் செய்தித்தாளில் புள்ளி அட்டவணை வெளிவரும். ஒவ்வோர் அணியும் எத்தனை புள்ளிகள் பெற்றது, எத்தனை கோல் அடித்தது, எத்தனை கோல் வாங்கியது என்பவை அதில் இருக்கும். யார் யாரை எந்தக் கணக்கில் வென்றார் என்பது மட்டும் இராது. அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டங்களின் முடிவுகளை மீட்டெடுப்பது ஒருவகைப் புதிர். அது எவ்வாறு தீர்கிறது, எந்த இடத்தில் தீராமல் நின்றுவிடுகிறது என்பவற்றை உண்மையான ஓர் அட்டவணையைக் கொண்டு காணலாம்.

2010ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதன் ஒரு பிரிவில் நான்கு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடு ஒருமுறை மோதியது. எனவே மொத்தம் ஆறு ஆட்டங்கள்.

| அணி | புள்ளி | அடித்த கோல் | வாங்கிய கோல் |
|---|---|---|---|
| பராகுவே | 5 | 3 | 1 |
| ஸ்லோவாக்கியா | 4 | 4 | 5 |
| நியூசிலாந்து | 3 | 2 | 2 |
| இத்தாலி | 2 | 4 | 5 |

முதற்படி: அட்டவணையைச் சரிபார்த்தல்

ஓர் அணி அடிக்கும் கோல் ஒவ்வொன்றும் மற்றோர் அணி வாங்கும் கோல் ஆகும். ஆகவே அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இங்கு இரண்டும் 13. இவை வேறுபட்டால் அட்டவணையில் அச்சுப்பிழை உள்ளது என அறியலாம். அதற்குமேல் கணக்கிடுவது வீண்.

இரண்டாம் படி: சமநிலைகளை எண்ணுதல்

வென்ற அணிக்கு 3 புள்ளி. தோற்ற அணிக்குப் புள்ளி இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் இரண்டு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. அதாவது, வெற்றி தோல்வியில் முடியும் ஆட்டம் அட்டவணைக்கு 3 புள்ளிகளைத் தருகிறது. சமநிலையில் முடியும் ஆட்டம் 2 புள்ளிகளையே தருகிறது. ஆறு ஆட்டங்களிலும் யாரேனும் வென்றிருந்தால் மொத்தம் 18 புள்ளிகள் வந்திருக்கும். அட்டவணையில் இருப்பதோ 14. குறைந்த 4 புள்ளிகளும் நான்கு சமநிலைகளைக் காட்டுகின்றன.

மூன்றாம் படி: வென்றவர் யார்?

மூன்று ஆட்டங்களில் 5 புள்ளி பெற ஒரே வழிதான் உண்டு: ஒரு வெற்றி, இரண்டு சமநிலை. இது பராகுவே. 4 புள்ளி என்றால் ஒரு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. இது ஸ்லோவாக்கியா. 2 புள்ளி என்றால் இரண்டு சமநிலை, ஒரு தோல்வி. இது இத்தாலி. நியூசிலாந்தின் 3 புள்ளிகளுக்கு மட்டும் இரு வழிகள் உள்ளன: ஒரு வெற்றியும் இரண்டு தோல்வியும், அல்லது மூன்று சமநிலைகள்.

இங்கே இரண்டாம் படி துணைக்கு வருகிறது. நான்கு சமநிலை ஆட்டங்கள் அணிகளின் கணக்கில் எட்டு முறை பதிவாகும். மற்ற மூன்று அணிகளின் கணக்கில் இருப்பவை 2, 1, 2 என ஐந்து. எஞ்சிய மூன்றும் நியூசிலாந்துக்கு உரியவை. எனவே அது மூன்று ஆட்டங்களையும் சமநிலையில் முடித்தது.

இதன்பின் முடிச்சு விரைவாக அவிழ்கிறது. ஸ்லோவாக்கியாவின் ஒரே சமநிலை நியூசிலாந்தோடு முடிந்துவிட்டது. பராகுவே தோற்கவே இல்லை. ஆகவே அது ஸ்லோவாக்கியாவை வென்றது. இத்தாலி வெல்லவே இல்லை. ஆகவே அது ஸ்லோவாக்கியாவிடம் தோற்றது. பராகுவேயும் இத்தாலியும் மோதிய ஆட்டம் சமநிலை. ஒரு கோல் எண்ணையும் பயன்படுத்தாமலே ஆறு ஆட்டங்களின் முடிவும் தெரிந்துவிட்டன.

நான்காம் படி: கோல்களைப் பங்கிடுதல்

சமநிலை ஆட்டம் கோல் வேறுபாட்டை மாற்றாது. பராகுவேயின் வேறுபாடு 3 – 1 = 2. ஆகவே அதன் ஒரே வெற்றி இரண்டு கோல் வேறுபாட்டில் கிடைத்தது. இத்தாலி 4 அடித்து 5 வாங்கியது. ஆகவே அதன் ஒரே தோல்வி ஒரு கோல் வேறுபாட்டில் நேர்ந்தது.

பராகுவே வாங்கியது ஒரே ஒரு கோல். அதை அடித்தது எந்த அணி என்பதே கடைசிக் கேள்வி.

இத்தாலி அடித்தது எனக் கொள்வோம். அப்போது பராகுவே–இத்தாலி 1–1, பராகுவே–நியூசிலாந்து 0–0, பராகுவே–ஸ்லோவாக்கியா 2–0. ஸ்லோவாக்கியா வாங்கிய ஐந்தில் இரண்டு இங்கே போக, மூன்று எஞ்சும். அவை நியூசிலாந்தும் இத்தாலியும் அதற்கு எதிராக அடித்தவை. இத்தாலி அடித்த நான்கில் ஒன்று போக, அதற்கும் மூன்று எஞ்சும். அவை ஸ்லோவாக்கியாவுக்கும் நியூசிலாந்துக்கும் எதிராக அடித்தவை. இவ்விரு கணக்கிலும் இத்தாலி ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக அடித்த கோல்கள் பொதுவாக உள்ளன. ஆகவே நியூசிலாந்து அவ்விரு அணிகளுக்கு எதிராகவும் சம எண்ணிக்கையில் கோல் அடித்திருத்தல் வேண்டும். அதன் மொத்தம் 2. எனவே ஒவ்வொன்றிலும் 1–1. எஞ்சிய ஆட்டத்தில் ஸ்லோவாக்கியா 3, இத்தாலி 2. எல்லா எண்களும் பொருந்துகின்றன.

ஆயினும் புதிர் இன்னும் தீரவில்லை. அந்த ஒரு கோலை நியூசிலாந்து அடித்ததாகக் கொண்டாலும் கணக்குப் பொருந்தும்: அப்போது ஸ்லோவாக்கியா 4–3 என்று இத்தாலியை வென்றிருக்கும். ஸ்லோவாக்கியா அடித்ததாகக் கொண்டாலும் பொருந்தும்: அப்போது பராகுவே 3–1 என்று வென்றிருக்கும். ஒரே அட்டவணைக்கு மூன்று விடைகள்! இவ்வாறு நேரும்போது புதிர் அமைப்பவர் ஒரு குறிப்பைச் சேர்க்கிறார். “இத்தாலி தன் மூன்று ஆட்டங்களிலும் கோல் அடித்தது” என்பது போதும். மற்ற இரு விடைகளிலும் பராகுவே–இத்தாலி ஆட்டம் 0–0 என வருவதால் அவை நீங்கிவிடும். மைதானத்தில் நடந்ததும் முதல் விடையே.

அட்டவணையில் முந்தைய உலகக் கோப்பையை வென்ற இத்தாலி கடைசி இடத்தில் நிற்கிறது. நியூசிலாந்து முதற்சுற்றிலேயே வெளியேறியது. எனினும் அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணி அது ஒன்றே. கோப்பையை வென்ற ஸ்பெயின்கூட ஓர் ஆட்டத்தில் தோற்றது.

பழைய முறையில் என்ன ஆகும்?

1990 வரை உலகக் கோப்பையில் வெற்றிக்கு 2 புள்ளிகளே தரப்பட்டன. 1994 முதல் 3 ஆயிற்று. பழைய முறையில் எந்த ஆட்டமும் அட்டவணைக்கு 2 புள்ளிகளையே தரும். ஆறு ஆட்டங்களின் மொத்தம் எப்போதும் 12. எனவே சமநிலைகளை எண்ணும் வழி அடைபட்டுப்போகும்.

அருஞ்சொற்பொருள்

சமநிலை – இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் கோல் அடித்து ஆட்டம் முடிதல்
கோல் வேறுபாடு – அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வருவது
எஞ்சிய – மீதமுள்ள

பயிற்சி

1. நியூசிலாந்து மூன்று ஆட்டங்களையும் சமநிலையில் முடித்தது என்பது எவ்வாறு தெரிகிறது? விளக்குக.
2. வெற்றிக்கு 2 புள்ளி எனக் கொண்டு மேற்கண்ட அட்டவணையின் புள்ளிகளை மாற்றி எழுதுக. எந்தெந்த அணிகளின் முடிவுகளுக்கு இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன?
3. மூன்று அணிகள் தமக்குள் ஒவ்வொருமுறை மோதின. வெற்றிக்கு 3 புள்ளி. மூன்று ஆட்டங்களின் கோல் எண்ணிக்கையையும் கண்டுபிடித்து எழுதுக.

| அணி | புள்ளி | அடித்த கோல் | வாங்கிய கோல் |
|---|---|---|---|
| அ | 4 | 2 | 1 |
| ஆ | 3 | 2 | 2 |
| இ | 1 | 0 | 1 |