பார்வைகள் 12,000, பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2022 ஜனவரியில் யூடியூபில் ‘பேபி ஷார்க்’ பாடல் 1,000 கோடி பார்வைகளைத் தாண்டியது. அப்போது உலக மக்கள்தொகையே 800 கோடியை எட்டியிருக்கவில்லை. இதில் மாயம் எதுவும் இல்லை. சோறு ஊட்டும்போது ஒரு தடவை, தூங்கவைக்க ஒரு தடவை என்று ஒரே குழந்தைக்கு அது நூறு முறை ஓடியிருக்கும்.

‘வியூஸ்’ என்பது வீடியோ எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்ற கணக்கு. ‘யுனிக் வியூவர்ஸ்’ என்பது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. இந்த இரண்டாவது எண் ஒரு மதிப்பீடுதான். ஒருவரே போனிலும் டிவியிலும் பார்க்கலாம். ஒரே போனை வீடே பார்க்கலாம். இதையெல்லாம் அனுசரித்து யூடியூப் கணிக்கிறது.

தையல் சொல்லித்தரும் ஒரு சின்ன சேனலைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் இருப்பது இரண்டே வீடியோ. 28 நாளில் மொத்தம் 12,000 பார்வைகள், பார்த்தவர்கள் 4,000 பேர். ஆளுக்கு மூன்று தடவை. சேனல்காரருக்குச் சந்தோஷம்தான், ஆனால் இந்தச் சராசரி ஒன்றையும் முழுதாகச் சொல்லவில்லை. வீடியோ வீடியோவாகப் பிரித்தால்தான் விஷயம் வெளியே வரும்.

பிளவுஸ் வெட்டும் வீடியோவை 1,500 பேர் 6,000 தடவை பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கு நான்கு. சுடிதார் வீடியோவுக்கும் 6,000தான்; ஆனால் பார்த்தவர்கள் 3,500 பேர், ஆளுக்கு இரண்டு தடவைகூட இல்லை. பார்வை எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். உண்மையில் பிளவுஸ் வீடியோவைத் துணியை விரித்துவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அளவுகளை வீடியோவுக்குக் கீழே எழுதிப்போட்டு, கழுத்து எந்த நிமிடம், கை எந்த நிமிடம் என்று குறித்துவைத்தால் அவர்களுக்கு உதவும். சுடிதார் வீடியோவின் பலம் வேறு: அது புது ஆட்களைக் கூட்டிவருகிறது.

இன்னொரு கணக்கும் இதற்குள் இருக்கிறது. 1,500ஐயும் 3,500ஐயும் கூட்டினால் 5,000. சேனலின் மொத்தமோ 4,000. அந்த ஆயிரம் எங்கே போனது? அவர்கள் இரண்டு வீடியோவையும் பார்த்தவர்கள், இரண்டு பக்கமும் எண்ணப்பட்டவர்கள். பிளவுஸ் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சுடிதாரையும் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது தையல் வீடியோ போட்டால் முதலில் வரக்கூடியவர்கள் இவர்களே.

இதே காரணத்தால் நான்கு வாரத்து ஆட்களைக் கூட்டி மாதக் கணக்கு என்று சொல்லக்கூடாது. வாராவாரம் வருபவர் அதில் நான்கு பேராகிவிடுவார்.

குறும்வீடியோ போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை. மறுபடி சுற்றி ஓடினால் இன்னொன்று. விரலால் தள்ளிவிட்டவரும் கணக்கில் உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு, சேனல் வளர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தால் ஏமாற்றம்தான். வருமானத்துக்கு யூடியூப் எடுத்துக்கொள்வது ‘என்கேஜ்டு வியூஸ்’ என்ற பழைய முறைக் கணக்கைத்தான்.