கூகுள் படித்தால்தான் விலக்கும்

வத்தக் குழம்பு செய்முறையைக் கூகுளில் தேடுகிறோம். வந்த முடிவைத் தட்டினால் செய்முறை இல்லை. ஒரு தலைப்பு, அதன் கீழே இரண்டு வரி, ‘மேலும் படிக்க’ என்று ஒரு சுட்டி, அவ்வளவுதான். நாம் போய்ச் சேர்ந்தது சமையல் குறிப்புக்கு அல்ல. ‘வத்தக்குழம்பு’ என்ற குறிச்சொல்லுக்காக அந்தத் தளம் தானாகவே உண்டாக்கிக்கொண்ட பக்கத்துக்கு.

வேர்ட்பிரஸில் தளம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பக்கங்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. கட்டுரையை எழுதி முடித்து, ஓரத்தில் இருக்கும் பெட்டியில் ஏழெட்டுக் குறிச்சொற்களைத் தட்டிவிட்டு வெளியிடுகிறோம். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஒரு பக்கம் பிறந்துவிடுகிறது. தமிழில் இது இன்னும் வேகமாகப் பெருகும். ஒரே ஆள் ஒரு நாள் ‘வத்தக்குழம்பு’ என்பார், இன்னொரு நாள் ‘வத்தல் குழம்பு’ என்பார், மற்றொரு நாள் ‘வற்றல் குழம்பு’ என்பார். மூன்றும் மூன்று முகவரிகள். மூன்றிலும் இருப்பது அநேகமாக ஒரே குறிப்பு. நூறு குறிப்புகள் உள்ள தளம் ஒன்றில் ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சொற்கள், அவற்றில் ஐந்து வேறெங்கும் வராதவை என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பக்கம் நூறு, ஒற்றைக் கட்டுரையைச் சுட்டும் வெற்றுப் பக்கம் ஐந்நூறு.

இதற்காகக் கூகுள் தண்டனை எதுவும் தருவதில்லை. ஆனால் ஒரே விஷயத்துக்கு நான்கு முகவரிகள் இருக்கும்போது எதைக் காட்டுவது என்று அதுவே தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வு சில சமயம் குறிச்சொல் பக்கத்தில் போய் விழுகிறது. எழுதியவரின் உழைப்பு இருக்கும் பக்கம் பின்னால் போய்விடுகிறது. தேடி வந்தவர் ஒரு தட்டு கூடுதலாகத் தட்ட வேண்டும், அல்லது அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்.

இதற்கான தீர்வு ஒரே வரி. பக்கத்தின் தலைப்பகுதியில், அதாவது `<head>` என்ற பகுதிக்குள், இது இருக்க வேண்டும்:

```
<meta name="robots" content="noindex">
```

‘இந்தப் பக்கத்தைப் படி, ஆனால் தேடல் பட்டியலில் சேர்க்காதே’ என்பது இதன் பொருள். வாசகருக்கு எந்த மாற்றமும் தெரியாது. குறிச்சொல்லைத் தட்டினால் பக்கம் வழக்கம்போலத் திறக்கும். யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற செருகுநிரல்களில் குறிச்சொல் பக்கங்கள் அனைத்துக்கும் இதைச் சேர்த்துப் போட ஒரே சுவிட்ச் உண்டு. போட்ட பிறகு ஏதாவது ஒரு குறிச்சொல் பக்கத்தைக் கணினியில் திறந்து, Ctrl+U அழுத்தி, `noindex` என்று தேடிப் பார்த்துவிடுவது நல்லது. தீம் ஒரு வரியும் செருகுநிரல் இன்னொரு வரியுமாக முரண்பட்டு எழுதியிருந்தால், இரண்டில் கடுமையானதையே கூகுள் எடுத்துக்கொள்ளும்.

தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியின் கதை இன்னும் மோசமானது. குறிச்சொல் பக்கங்களுக்காவது ஓர் எண்ணிக்கை உண்டு. தேடல் பக்கங்களுக்கு எல்லையே இல்லை, ஏனென்றால் `/?s=` என்பதற்குப் பின்னால் யார் எதை எழுதினாலும் அதற்கொரு பக்கம் கிடைத்துவிடும். எழுதிய சொல் பக்கத்தின் தலைப்பிலும் ஏறிவிடும். சூதாட்ட விளம்பரக்காரர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தங்கள் தொலைபேசி எண்ணையும் தளப் பெயரையும் தேடல் சொல்லாக வைத்து ஒரு முகவரியைத் தயாரித்து, வேறு எங்கோ ஆயிரக்கணக்கில் சுட்டிகளாக இறைத்துவிடுகிறார்கள். கூகுள் அந்தச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு வரும். நம் சமையல் தளத்தின் பெயரில் அவர்களுடைய விளம்பரம் தேடலில் நிற்கும். தளத்துக்குள் யாரும் நுழையவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடுபோகவில்லை.

2021-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.7 முதல், தேடல் பக்கங்களில் `noindex` தானாகவே சேர்கிறது. அப்படியிருந்தும் பல தளங்களில் இந்தக் குப்பை நீங்காமல் இருப்பதற்கு, உரிமையாளர் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியமே காரணமாக இருப்பதுண்டு. தளத்தின் `robots.txt` கோப்பில் இப்படி எழுதிவைத்திருப்பார்:

```
User-agent: *
Disallow: /?s=
Disallow: /tag/
```

`robots.txt` என்பது 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு. ‘இந்தப் பக்கங்களுக்கு வராதே’ என்று ரோபோக்களிடம் சொல்வது மட்டுமே அதன் வேலை. பட்டியலில் சேர்க்காதே என்று அது சொல்வதில்லை. கூகுள் சொன்னபடி வராமல் இருக்கும். வராததால் உள்ளே எழுதியிருக்கும் `noindex` வரியைப் படிக்கவும் முடியாது. ஆனால் வெளியிலிருந்து சுட்டிகள் வந்துகொண்டே இருப்பதால், இப்படியொரு முகவரி இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். உள்ளடக்கம் இல்லாமல் வெறும் முகவரியைப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். விளம்பரக்காரருக்கு அதுவே போதும், அவருடைய தளப் பெயர் முகவரியிலேயே இருக்கிறதே. சர்ச் கன்சோலில் இதற்கான அடையாளம் `Indexed, though blocked by robots.txt` என்ற வரி. அதைப் பார்த்தால், இரண்டு பூட்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றின் சாவியை மற்றது மறைத்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு காலத்தில் `robots.txt` கோப்புக்குள்ளேயே `noindex` என்று எழுதும் பழக்கமும் இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளைப் பார்த்து இன்றும் அப்படி எழுதினால் பயனில்லை.

ஆகவே சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் `Disallow` வரிகளை எடுத்துவிட வேண்டும். அடுத்து, பக்கத்தில் `noindex` இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். சர்ச் கன்சோலில் குப்பை முகவரி ஒன்றைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்தால், கூகுளுக்கு அது தெரிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். முக்கியமில்லாத பக்கங்களுக்குக் கூகுள் அடிக்கடி வராது. சில முகவரிகள் விழ மாதக்கணக்கில் ஆகலாம். அவசரமென்றால் நீக்கல் கருவி இருக்கிறது. ஆனால் அது சுமார் ஆறு மாதத்துக்கு மறைத்துவைக்கும், அவ்வளவே. அந்த அவகாசத்துக்குள் `noindex` தன் வேலையைச் செய்ய வழிவிட வேண்டும். எல்லாம் விழுந்ததும் மறுபடி `Disallow` போடலாமா என்று கேட்பார்கள். ரோபோக்களின் வருகையால் சர்வர் திணறினால் ஒழிய வேண்டாம் என்பேன். வெளிச்சுட்டிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. கதவை மூடினால் வெற்று முகவரிகள் திரும்ப வரக்கூடும்.

குறிச்சொல் பக்கங்களை விலக்குவதில் ஒரு விலையும் உண்டு. ஒரு பக்கம் நெடுநாள் `noindex` நிலையில் இருந்தால், அதிலுள்ள சுட்டிகளையும் கூகுள் நாளடைவில் பின்தொடராமல் விட்டுவிடும். கூகுளின் ஜான் முல்லர் இதை விளக்கியிருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு குறிப்புக்குக் குறிச்சொல் பக்கம் வழியாக மட்டுமே பாதை இருந்தால், அந்தப் பாதை மெல்ல அடைபடும். பிரிவுப் பக்கங்களிலிருந்தும் தொடர்புள்ள கட்டுரைகளிலிருந்தும் அதற்கு வேறு சுட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

எல்லாக் குறிச்சொல்லும் வெறுமையானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ‘மார்கழிப் பிரசாதங்கள்’ என்ற சொல்லின் கீழ் இருபது குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன, மேலே எந்த நாளில் எது என்று நீங்களே நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள் என்றால், அந்தப் பக்கத்தைத் தேடியே ஆட்கள் வருவார்கள். செருகுநிரலில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க இடம் உண்டு. எழுத்துவேறுபாட்டால் உண்டான மூன்று வத்தக் குழம்புகளையோ மறைப்பதைவிட ஒன்றாக்கிவிடுவதே மேல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டின் முகவரிகளையும் அதற்குத் திருப்பிவிடலாம்.

சில வாரங்கள் கழித்து சர்ச் கன்சோலைத் திறந்தால், பட்டியலில் சேராத பக்கங்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும். காரணத்தைப் பார்த்தால் `Excluded by ‘noindex’ tag` என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். பலர் இதைக் கண்டு பதறி, சுவிட்சைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியைத் தட்டி முகவரிகளைப் படித்துப் பாருங்கள். எல்லாமே `/tag/`, `/?s=` என்று இருந்தால் வேலை நடக்கிறது. நடுவில் ஒரே ஒரு சமையல் குறிப்பின் முகவரி தெரிந்தாலும், அதை அன்றே திறந்து, அந்த வரி அங்கே எப்படி வந்தது என்று தேட வேண்டும்.