யாருடைய ‘நான்’?

லியோன் நகரில் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மாலை ஐந்தரை மணி. இயக்குநர் கோட்டை மாட்டிக்கொண்டே அறையிலிருந்து வெளியே வருகிறார். உதவியாளரின் மேசையருகே அரை நிமிடம் நிற்கிறார். “நாளைக் காலைச் சந்திப்பு முடியாது. நமக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறார்களே, அந்த அம்மாவுக்கு எழுதிவிடுங்கள். செவ்வாய் பத்து மணி சரிப்படுமா என்று கேளுங்கள். கொஞ்சம் இதமாக.” லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது.

நாலு வரி மெயில்தான். ஆனால் பிரெஞ்சு மொழியில் அந்த நாலு வரியைத் தொடங்குவதற்கு முன்பே உதவியாளர் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். இதில் ‘நான்’ என்று பேசப்போவது யார்? இயக்குநரா, அவரா?

தமிழில் இது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ‘வருந்துகிறேன்’ என்று எழுதினால், எழுதியவர் ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. நம் மொழியில் ‘அவன் வருந்தினான், அவள் வருந்தினாள்’ என்று படர்க்கையில்தான் பால் தெரியும், தன்மையில் தெரியாது. பிரெஞ்சில் தன்மையிலும் தெரிந்துவிடும். ஆண் எழுதினால் ஒரு விதம், பெண் எழுதினால் கடைசியில் ஒரு e கூடும்.

```
Je suis désolé
Je suis désolée
```

இரண்டுக்கும் பொருள் ‘வருந்துகிறேன்’ என்பதுதான். வாய்விட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அந்த e காதில் விழாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். இங்கேதான் வழுக்குகிறது. நம் இயக்குநர் ஆண், உதவியாளர் பெண். வாழ்நாள் முழுவதும் தன்னைப் பற்றி எழுதும்போது அந்த e-யைச் சேர்த்தே பழகிய விரல்கள், இயக்குநரின் பெயரில் எழுதும்போதும் சேர்த்துவிடும். மெயில் போகும். ஆண் இயக்குநர் பெண்ணாக வருந்தியிருப்பார். படிப்பவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிடும், இதை அவர் எழுதவில்லை என்று. இதமாகச் சொல்லச் சொன்னாரே, அந்த இதம் அங்கேயே ஆறிப்போகும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் இதைப் பிடிக்காது. அதற்கு இரண்டும் சரியான பிரெஞ்சுதான்.

ஆகவே குரலை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். வழிகள் இரண்டு. முதலாவது, இயக்குநரின் அஞ்சல்பெட்டியிலிருந்து இயக்குநராகவே எழுதுவது.

```
Chère Madame,

Je suis désolé de devoir reporter notre rendez-vous de demain.
Seriez-vous disponible mardi à 10 heures ?

Bien cordialement,
```

‘அன்புள்ள அம்மையீர், நாளைய நம் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன். செவ்வாய் பத்து மணிக்கு உங்களுக்கு வசதிப்படுமா?’ என்கிறது மெயில். இன்னொரு வழி, உதவியாளர் தன் பெயரிலேயே எழுதுவது.

```
Madame,

Monsieur X me charge de vous dire qu'il est désolé
de devoir reporter votre rendez-vous de demain.
Seriez-vous disponible mardi à 10 heures ?

Cordialement,
```

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேலையின் நுணுக்கம் தெரியும். ‘அன்புள்ள’ போய்விட்டது. பல வருடப் பழக்கம் இயக்குநருக்கும் அந்த அம்மாவுக்கும் இடையில். உதவியாளர் அதைத் தனதென்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘நம் சந்திப்பு’ என்பது ‘உங்கள் சந்திப்பு’ ஆகிவிட்டது, ஏனென்றால் உதவியாளர் அதில் உட்காரப் போவதில்லை. ‘வருந்துகிறார் என்று தெரிவிக்கச் சொன்னார்’ என்ற அமைப்பு வந்திருக்கிறது. வருந்துவது இன்னும் இயக்குநர்தான், எனவே அங்கே e கிடையாது. முடிவில் இருந்த ஒரு சின்னச் சொல்லும் உதிர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த வழி நல்லது? தேதி மாற்றம், அறை, ரயில் நேரம் போன்றவற்றுக்கு உதவியாளரின் குரலே போதும். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் மன்னிப்பு, நன்றி, வாழ்த்து, இரங்கல் எல்லாம் இடைத்தரகர் வழியாகப் போனால் பாதி வலு இழந்துவிடும். நம் கதையில் சந்திப்பு நாளைக் காலை, எதிராளி வெளியூரிலிருந்து வரவேண்டியவராகக்கூட இருக்கலாம். என்னைக் கேட்டால் இயக்குநரின் குரல்தான்.

மோசமானது மூன்றாவது வழி. யாரும் வேண்டுமென்று அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் வரியில் ‘நான்’ இயக்குநர், மூன்றாம் வரியில் ‘நான் அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று உதவியாளர் எட்டிப் பார்ப்பார். பழைய மெயிலிலிருந்து வெட்டி ஒட்டினால் அநேகமாக இப்படித்தான் ஆகும். அனுப்புவதற்கு முன் ‘நான், என், எனக்கு, நம்’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ‘இது யார்?’ என்று கேட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இரண்டு பதில் வந்தால் மெயிலைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

அவுட்லுக்கும் இதில் ஒரு கட்சி. இயக்குநரின் பெட்டியிலிருந்து அனுப்ப உதவியாளருக்கு இரண்டு விதமாக அனுமதி தரலாம். ஒன்றில் பெறுபவருக்கு இயக்குநரின் பெயர் மட்டுமே தெரியும். மற்றதில் இரண்டு பெயரும் தெரியும். உதவியாளர் பெயர் முன்னால், நடுவில் `de la part de`, அதாவது ‘சார்பாக’, பிறகு இயக்குநர் பெயர். தலைப்பில் இப்படிக் காட்டிவிட்டு, உள்ளே உருக்கமாக ‘நான்’ என்று இயக்குநர் பேசினால் படிப்பவர் புன்னகைப்பார். தன் பெட்டிக்கு எந்த அனுமதி தரப்பட்டிருக்கிறது என்பதைத் தனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்த்துவிடுவது உத்தமம்.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டை நமக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சில் தூ, வூ. இயக்குநரோடு கல்லூரியில் படித்தவர் இன்று இன்னொரு நிறுவனத்தின் தலைவர் என்றால் இயக்குநர் குரலில் ‘நீ’தான் எழுத வேண்டும், மரியாதை கருதி ‘நீங்கள்’ போட்டால் நண்பர் ‘என்னப்பா கோபமா?’ என்று ஃபோன் செய்வார். அதே நண்பருக்கு உதவியாளர் தன் பெயரில் எழுதும்போது ‘நீங்கள்’, அதுவும் ‘ஐயா’வோடு.

இப்போது முடிவுரை. பிரெஞ்சுக்காரர்கள் மெயிலில் வெப்பநிலை பார்ப்பது இங்கேதான். பள்ளியில் நாம் ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ என்று எழுதக் கற்றோமே, அதுபோன்ற சடங்குச் சொற்கள்தான் இவையும். ஆனால் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன.

மெயிலில் அதிகம் புழங்குவது கோர்தியால்மான். இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ‘மனமார’ என்று பொருள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டு இப்போது அதில் மனமும் இல்லை, சூடும் இல்லை. அதனால் சற்று இதம் வேண்டுமென்றால் முன்னால் ‘பியான்’ சேர்ப்பார்கள்: பியான் கோர்தியால்மான். இரண்டு வருடமாகப் ‘பியான்’ போட்டு வந்தவர் ஒருநாள் அதை விட்டுவிட்டால் எதிராளி கவனிப்பார். ‘ஏதோ சரியில்லை’ என்று நினைத்துக்கொள்வார். உதவியாளர் வெறும் அவசரத்தில் விட்டிருக்கலாம். பழி விழுவது இயக்குநரின் மனநிலைமேல். அந்தச் சொல்லை உயிரெழுத்துகள் இல்லாமல் சுருக்கி `Cdlt` என்று அடிப்பவர்களும் உண்டு. ‘மனமார’ என்று சொல்வதற்குக்கூட நேரமில்லை என்று அறிவிப்பதுபோல இருக்கும் அது.

பியான் ஆ வூ என்று ஒன்று உண்டு. சிலர் அதை நடுநிலையானது என்பார்கள், சிலருக்கு அது அதிக நெருக்கம். அமித்தியே நண்பர்களுக்கு மட்டும். இயக்குநர் அதை யாருக்குப் போடுவார் என்பது உதவியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தன் பெயரில் அதே ஆளுக்கு அவர் ஒருபோதும் போடக்கூடாது. அனுபவமுள்ளவர்கள் இதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: யாருக்குத் தூ, யாருக்கு வூ, தொடக்கம் என்ன, முடிவு என்ன. இயக்குநர் தன் கையால் அனுப்பிய பழைய மெயில்களைப் பார்த்தே அந்தப் பட்டியல் உருவாகிறது.

மெயிலோடு இணைப்பாக முறையான கடிதம் போனால், அதற்குப் பழைய நீண்ட முடிவுரை வேண்டும்.

```
Je vous prie d'agréer, Madame, mes salutations distinguées.
```

‘எனது மேலான வணக்கங்களை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன், அம்மையீர்’ என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். நடுவில் வரும் விளிப்பு கடிதத் தொடக்கத்தில் இருந்ததாகவே இருக்க வேண்டும். மேலே ‘இயக்குநர் அம்மையீர்’ என்றால் கீழேயும் அதுவே. வணக்கத்துக்குப் பதிலாக வேறு எதை அனுப்புகிறோம் என்பதில் அந்தஸ்து அடங்கியிருக்கிறது. மாவட்ட ஆட்சியர் போன்ற பிரெஃபேக்ட்டுக்கு எழுதும்போது ‘உயர் மதிப்பு’ அனுப்புவார்கள். ‘மரியாதை கலந்த உணர்வுகள்’ கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு அனுப்புவது. ‘பெற்றுக்கொள்ளுங்கள்’ என்ற வினையோடு தொடங்குவது மேலிருந்து கீழே.

உதவியாளருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லோரிடமும் பணிவாகப் பேசுவது அவர் பழக்கம், சிலசமயம் அவர் வேலையே அதுதான். அந்தப் பணிவு இயக்குநரின் குரலுக்குள் கசிந்துவிட்டால், சப்ளையர் ஒருவருக்கு இயக்குநர் ‘மரியாதை கலந்த உணர்வுகளை’ அனுப்பிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் விலை பேச உட்காரும்போது அது உதவாது. இயக்குநருக்காக எழுதும்போது அவருடைய உயரத்தில் நின்றுதான் எழுத வேண்டும்.

இலக்கணக் கண்ணி ஒன்றும் உண்டு. ‘உங்கள் பதிலை எதிர்நோக்கி’ என்று தொடங்கிவிட்டு, ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஏவலில் முடித்தால், எதிர்நோக்குபவர் கடிதம் பெறுபவர் என்றாகிவிடும். ‘வேண்டுகிறேன்’ என்று தன்மையில் முடித்தால் சரி. கண்டிப்பான வாசகர்கள் இதைச் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள்.

கையெழுத்து விஷயம் வேறு. காகிதக் கடிதத்தில் இயக்குநருக்குப் பதில் உதவியாளர் கையெழுத்திட்டால் முன்னால் `P.O.` என்று போடுவார். ‘உத்தரவின்படி’ என்று பொருள். `p.p.` என்பது அதிகாரப் பத்திரம் பெற்றவருக்கு உரியது, இரண்டும் ஒன்றல்ல. நாலு வரி மெயிலுக்கு இந்தச் சட்டமெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 1962 டிசம்பரில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கூர் து கசாஸியோன் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு கையெழுத்து தேவைப்பட்ட உத்தரவாதத்தை வங்கித் தலைவர் தனியாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அதிகாரம் இருப்பதாக எதிராளி நியாயமாக நம்பியிருந்தால் நிறுவனம் கட்டுப்படக்கூடும் என்பது அதிலிருந்து நிலைபெற்ற கொள்கை. ஆகவே தேதியை மாற்றலாம். ‘உங்கள் விலைக்குச் சம்மதம்’ என்ற வரியை இயக்குநர் குரலில் எழுதுவதற்கு முன் அவர் எழுத்தில் சொன்னதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணி ஆறு. உதவியாளர் முதல் வடிவத்தை எடுக்கிறார். e இல்லை, ‘பியான்’ இருக்கிறது, பெட்டியும் இயக்குநருடையது. அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் பதில் வருகிறது. செவ்வாய் பத்து மணி சரி, முடிவில் பியான் கோர்தியால்மான். எழுதியது அந்த அம்மாவேதானா, அல்லது அங்கேயும் மேசையருகே ஓர் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறாரா? அடையாளம் தேடுகிறார். பதிலில் இருப்பது ஒரே வரி.

```
Je suis libre mardi.
```

‘செவ்வாய் எனக்கு ஓய்வுதான்.’ `libre` ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.